பால் ஆடை... பட்டரை ரகசியம்!

ஸ்டீலை வெல்டிங் அடிச்சுப் பழகின கை, முதல் தடவை அலுமினியத்துக்கு மாறும்போது என்ன ஆகும் தெரியுமா? டார்ச்சைக் காட்டுவீங்க. ஒண்ணுமே நடக்காது. சிவக்காது, மினுங்காது. இன்னும் கொஞ்சம் காட்டுவீங்க. அப்பவும் அமைதி. 'என்னடா இது'ன்னு மாஸ்க்கைத் தூக்கலாமான்னு யோசிக்கிற அந்த ரெண்டு செகண்டில், மொத்த இடமும் பொத்துன்னு கீழே கழன்று விழும். பைப்பில் விரல் நுழையுற ஓட்டை!

புராஜெக்ட் வண்டி, ரேஸ் கார், ரோபோ என்று எதைக் கட்டினாலும் 'எடை குறையணுமா, அலுமினியத்துக்கு மாறு' என்று ஒரு குரல் வரும். எடை குறையும், உண்மைதான். ஸ்டீலில் மூணில் ஒரு பங்குதான் இதன் கனம். ஆனால், அதை ஒட்டவைக்கும்போது ரெண்டு விஷயம் உங்களிடமிருந்து மறைந்தே நிற்கும். ஒன்று, உருகாத ஒரு தோல். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத சூடு. இந்த ரெண்டையும் பிடிச்சிட்டீங்கன்னா டிக் வெல்டிங்கில் முக்கால் வாசி முடிஞ்சது. பட்டறைகளில் 'ஆர்கான் வெல்டிங்' என்று சொல்வார்களே, அதுவேதான் இது.

பேச்சு பொதுவாகப் போக வேண்டாம். ஒரே ஒரு ஜாயின்ட்டை எடுத்துக்குவோம். 60க்கு 60 மி.மீ. சதுர அலுமினிய பைப் ஒன்று தூணாக நிற்கிறது. அதன் பக்கவாட்டில், 40க்கு 40 மி.மீ., 3 மி.மீ. கனமுள்ள இன்னொரு பைப் கை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கையின் நீளம் 400 மி.மீ. புராஜெக்ட் வண்டியின் பின்னால் ஒருத்தர் ஏறி நிற்கிற படி அது. பொருள், ஜன்னல் செக்‌ஷன் விற்கிற கடையில் கிடைக்கிற 6063 ரகம். அலுமினியத்தோடு கொஞ்சம் மெக்னீஷியமும் சிலிக்கானும் சேர்த்து, பதப்படுத்தி பலமேற்றியது. அந்தப் பதத்துக்குப் பெயர் டி6.

உருகாத தோல்

பாலைக் காய்ச்சி வெச்சா மேலே ஆடை படியும் இல்லையா? கரண்டியால் தொட்டால் ஆடை சுருங்கும். கீழே பால் தனியாக ஆடும். அலுமினியமும் இப்படித்தான். காற்று பட்டதுமே அதன் மேல் ஆக்ஸைடு தோல் ஒன்று படிந்துவிடும். சில நானோமீட்டர் கனம்தான், கண்ணுக்குத் தெரியாது. துருப்பிடிக்காமல் காப்பாற்றுவதே அந்தத் தோல்தான். வெல்டிங் மேஜைக்கு வந்தால் மட்டும் அதுவே வில்லன்!

காரணம் சிம்பிள். நம்ம 6063 உலோகம் சுமார் 615 டிகிரியில் உருக ஆரம்பித்து 655 டிகிரிக்குள் முழுசாக உருகிவிடும். மேலே இருக்கிற ஆக்ஸைடு உருகணும்னா சுமார் 2,070 டிகிரி வேணும். உள்ளே உலோகம் கஞ்சியாகிவிட்டது, வெளியே தோல் அப்படியே நிற்கிறது. ரெண்டு பைப்பிலும் ரெண்டு குட்டை உருகி, பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றாலும் ஒன்றோடொன்று கலக்காது. நடுவில் ரெண்டு தோல் இருக்கே! இன்னும் சூடு கொடுத்தால், தோல் பை கிழிந்து மொத்தமும் விழும். முதலில் சொன்ன ஓட்டையின் கதை இதுதான்.

கிழிந்த தோல் துண்டுகள் மிதந்து ஓரமாகப் போய்விடும் என்று நினைக்காதீங்க. உருகிய அலுமினியத்தைவிட ஆக்ஸைடுக்கு அடர்த்தி அதிகம். குட்டைக்குள்ளேயே சிக்கி, வெல்டுக்கு நடுவில் காகிதம் வெச்ச மாதிரி உட்கார்ந்துவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், தட்டினால் அங்கேதான் பிளக்கும்.

அதனால் வேலை, ஸ்விட்ச் போடுவதற்கு முன்பே ஆரம்பம். முதலில் அசிட்டோன் நனைத்த சுத்தமான துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைக்கணும். அது முழுசாக ஆவியாகிப் போனபிறகு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ்ஷால் லேசாகத் தேய்க்கணும். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் தேய்த்தால், மேலே இருந்த எண்ணெயைக் கீறல்களுக்குள் நீங்களே திணிக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த பிரஷ்ஷும் அலுமினியத்துக்கு மட்டுமே இருக்கணும். நேற்று இரும்பைத் தேய்த்த பிரஷ், இன்றைக்கு இரும்புத் துகளை இங்கே கொண்டுவந்து விதைக்கும். தேய்த்த கையோடு அன்றைக்கே வெல்டிங்கை முடிச்சிடுங்க. தோல் திரும்பவும் வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

ஃபில்லர் ராடையும் துடைக்க மறக்காதீங்க. அதற்கும் அதே தோல், அதே அழுக்கு. எண்ணெயிலும் ஈரத்திலும் இருக்கிற ஹைட்ரஜன், உருகிய அலுமினியத்தில் தாராளமாகக் கரையும். உலோகம் உறையும்போது அதற்கு உள்ளே இடமில்லை. வெளியேறவும் நேரமில்லை. குமிழாகவே மாட்டிக்கொள்ளும். வெல்டை அறுத்துப் பார்த்தால் ஆப்பம் மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கிறதே, அது இந்த ஹைட்ரஜன் செய்த வேலை.

செக்‌ஷன் கடையில் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். அங்கே இருப்பதில் பாதி அனோடைஸ் செய்ததாக இருக்கும். அனோடைஸ் என்றால் என்ன? அதே ஆக்ஸைடு தோலை வேண்டுமென்றே 10, 20 மைக்ரான் கனத்துக்கு வளர்ப்பது. இயற்கைத் தோலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தடிமன். அது மின்சாரத்தையும் விடாது. பிரஷ் இதற்குப் போதாது. வெல்டு விழும் இடத்திலும், எர்த் கிளாம்ப் மாட்டும் இடத்திலும் ஃபைல் போட்டு வெறும் உலோகம் தெரிகிற வரை எடுத்தே ஆகணும்.

பாதி நேரம் துடைப்பம், பாதி நேரம் அடுப்பு

சரி, தேய்த்தாச்சு. ஆனாலும், தேய்த்த நொடியிலிருந்தே புதுத் தோல் வளருதே, அதற்கு என்ன பண்றது? இங்கேதான் ஏசி கரன்ட் வருது.

ஸ்டீலுக்கு டிக் வெல்டிங் என்றால் டார்ச் எப்போதும் நெகட்டிவ். எலெக்ட்ரான்கள் டங்ஸ்டன் முனையிலிருந்து கிளம்பி வேலைப்பொருளில் மோதும். சூட்டில் பெரும்பகுதி பொருளுக்கே போகும். நல்லா உருகும், டங்ஸ்டனும் பத்திரம். ஆனால், அலுமினியத்தில் இப்படிச் செய்தால் தோல் அப்படியே இருக்கும்.

அப்போ மாற்றிப் போடலாமா? டார்ச் பாசிட்டிவ், பொருள் நெகட்டிவ். இப்போது எலெக்ட்ரான்கள் பொருளிலிருந்து கிளம்புகின்றன. ஆக்ஸைடு தோலில் அங்கங்கே சின்னச் சின்ன புள்ளிகளைப் பிடித்து, அவற்றைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வருகின்றன. எதிர்ப்பக்கம் ஆர்கான் அயனிகள் வேறு வந்து மோதுகின்றன. தோல் சுத்தமாகக் கழன்றுவிடும். சூப்பர்! ஆனால், சூட்டில் பெரும்பகுதி இப்போது டங்ஸ்டனுக்குப் போகிறது. கொஞ்ச நேரத்தில் முனை உருகிக் குட்டைக்குள் சொட்டும்.

ரெண்டும் தனித்தனியாக சரிப்படாது. அதனால்தான் ஏசி. ஒரு நொடியில் பல தடவை மாறி மாறி, ஒரு அரை சுற்றில் சூடு, அடுத்த அரை சுற்றில் சுத்தம். வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். வெல்டின் ரெண்டு பக்கமும் பனி படிந்த மாதிரி மங்கலான வெள்ளைப் பட்டை ஒன்று விழும். தோல் உரிந்த தடம் அது. பட்டையே இல்லாமல் குட்டையின் மேல் சுருக்கம் விழுந்தால் சுத்தம் போதவில்லை. பட்டை ரொம்ப அகலமாகி, டங்ஸ்டன் முனையும் பெரிய உருண்டையாகத் திரண்டால் சுத்தம் அளவுக்கு மீறிப் போகிறது.

இப்போதைய இன்வெர்ட்டர் மெஷின்களில் இதை மாற்ற 'ஏசி பேலன்ஸ்' என்று ஒரு திருகு இருக்கும். மொத்த நேரத்தில் 70 சதவிகிதம் நெகட்டிவ், 30 சதவிகிதம் பாசிட்டிவ் என்று ஆரம்பிப்பது நல்லது. ஒரு சின்ன உஷார் பாஸ்! சில மெஷின்களில் அந்த எண், சூடு நேரத்தைக் குறிக்கும். வேறு சிலவற்றில் சுத்தம் செய்யும் நேரத்தை. நண்பன் '70-ல வை' என்று சொன்னதை வேறு கம்பெனி மெஷினில் அப்படியே வைத்தால், டங்ஸ்டனுக்கு ஈமச்சடங்குதான். மேனுவலை ஒரு தடவை புரட்டிடுங்க.

பேலன்ஸ் எவ்வளவு ஏற்றினாலும் எண்ணெயும் அனோடைஸும் போகாது. ஏசி உரிப்பது புதுசாக வளர்ந்த மெல்லிய தோலை மட்டும்தான். துணிக்கும் பிரஷ்ஷுக்கும் அது மாற்று ஆகாது.

நிறம் மாறாத சூடு

இரும்பு சூடானால் சிவந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் உருகுகிற 650 டிகிரியில், பட்டறை வெளிச்சத்தில் அதன் நிறத்தில் எந்த மாற்றமும் தெரியாது. மேலும், இது சூட்டை ஒரு இடத்தில் வைத்துக்கொள்ளாது. சாதாரண ஸ்டீலைவிட நாலு மடங்கு வேகமாகக் கடத்தும். நீங்க ஒரு முனையில் கொடுக்கும் சூட்டை மொத்த பைப்பும் பங்கு போட்டுக்கொள்ளும்.

நம்ம கை பைப்புக்கு வருவோம். 3 மி.மீ. கனத்துக்கு 120 ஆம்ப் பக்கத்தில் ஆரம்பிக்கலாம். 2.4 மி.மீ. டங்ஸ்டன், அதே அளவு ஃபில்லர் ராடு. ஆர்கான் நிமிஷத்துக்கு 8 முதல் 10 லிட்டர். ஆர்க் பிடித்ததும் நகராமல் ஒரே இடத்தில் நிற்கணும். சில செகண்டுக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் மேற்பரப்பு லேசாக மங்கும். திடீரென்று கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு தோன்றும். அதுதான் குட்டை! நிறத்தைப் பார்க்காதீங்க, அந்தப் பளபளப்பைப் பாருங்க. அது தூணிலும் கையிலும் சேர்ந்தே தோன்றணும். கையின் விளிம்பு சீக்கிரம் உருகும், தூணின் முகம் தாமதமாக உருகும். அதனால் ஆர்க்கைத் தூண் பக்கம் கொஞ்சம் சாய்த்தே பிடிக்கணும். ரெண்டும் சேர்ந்து நனைந்ததும் ராடால் ஒரு பொட்டு, ஒரு அடி நகர்வு, மறுபடி பொட்டு. இங்கே 'அடி' என்பது ரெண்டு, மூணு மி.மீ.தான்!

40 மி.மீ. நீளப் பக்கம் ஒன்றைப் பாதி கடக்கும்போதே பைப் முழுக்க சூடேறியிருக்கும். ஆரம்பத்தில் 120 ஆம்ப் போதாமல் திணறிய அதே இடத்தில், இப்போது 120 அதிகம். குட்டை அகலமாகிக்கொண்டே போகும், நடுவில் குழி விழும். காலால் மிதிக்கிற பெடல் இருந்தால் கரன்ட்டைக் குறைத்துக்கொண்டே வரலாம். பெடல் இல்லாத மெஷின் என்றால் கையின் வேகத்தைக் கூட்டணும். அலுமினிய வெல்டிங் நிதானமாகத் தொடங்கி வேகமாக முடிகிற வேலை.

அடுத்த பக்கத்துக்கு உடனே தாவ வேண்டாம். முதலில் நாலு மூலையிலும் சின்னப் பொட்டு வைத்து இணைத்துவிட்டு, எதிரெதிர் பக்கங்களாக வெல்டு அடிங்க. சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட ரெண்டு மடங்கு விரியும், ஆறும்போது அதே அளவு இழுக்கும். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டு போனால், கை அந்தப் பக்கம் சாய்ந்து நின்று உங்களைப் பார்த்துச் சிரிக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஆறவிட்டு, பொருள் 120 டிகிரிக்குக் கீழே வந்தபிறகு அடுத்ததைத் தொடங்குங்க. அளக்க, தொட்டு அளக்கிற தெர்மாமீட்டர் நல்லது. துப்பாக்கி மாதிரி காட்டுகிற இன்ஃப்ராரெட் கருவி பளபளக்கும் அலுமினியத்தில் ஏமாற்றும். நிஜ சூட்டைவிட ரொம்பக் குறைவாகவே காட்டும். அதை நம்பித் தொட்டால் விரல் அவ்வளவுதான்!

கடைசி அரை அங்குலம்

பக்கம் முடிந்ததும் ஆர்க்கை டப்பென்று அணைப்பதுதான் பலரும் செய்வது. குட்டையின் நடுப்பகுதி கடைசியாக உறையும். சுற்றிலும் இருப்பது இறுகி இழுக்கும்போது, நடுவில் நட்சத்திரம் மாதிரி ஒரு வெடிப்பு விழும். அதனால் முடிக்கும் இடத்தில் கடைசியாக ஒரு பொட்டு ராடு கூடுதலாகக் கொடுத்து, கரன்ட்டைப் படிப்படியாக இறக்கணும். பெடல் இல்லையென்றால் மெஷினில் 'டவுன் ஸ்லோப்' இருக்கும். பத்து செகண்டுக்கு ஆர்கான் ஓடி முடியும் வரை டார்ச்சை அங்கேயே பிடித்திருக்கணும்.

'ரெண்டு விளிம்பும் நல்லாத்தான் ஒட்டி உட்காருது, ராடே இல்லாமல் உருக்கி ஒட்டிடலாமா?' என்று கேட்கத் தோன்றும். 6063-ல் அது கூடவே கூடாது. இதில் இருக்கிற மெக்னீஷியம், சிலிக்கான் அளவு, உறையும்போது வெடிக்கிற அளவுக்குச் சரியாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. வெல்டு நடுவில் நீளவாக்கில் பிளந்துவிடும். 5 சதவிகிதம் சிலிக்கான் உள்ள 4043 ராடு அந்த அளவை மாற்றிவிடுவதால்தான் வெடிப்பு தப்புகிறது. ராடு இடத்தை நிரப்ப மட்டும் இல்லை, மருந்தும் அதுதான். பிறகு அனோடைஸ் செய்யப் போகிறீர்கள் என்றால் மட்டும் 5356 ராடை எடுங்க. 4043 அனோடைஸ் தொட்டியில் கறுத்துப்போகும்.

படியில் ஏறலாமா?

இப்போ நிஜமான பரீட்சை. வெல்டு அழகாக வந்தாச்சு. சின்னச் சின்ன நாணயங்களை அடுக்கி வெச்ச மாதிரி வரி. 80 கிலோ நண்பன் அந்தக் கையின் நுனியில் ஏறி நிற்கலாமா?

கணக்கு போடுவோம். எடை ஏறத்தாழ 800 நியூட்டன். தூரம் 400 மி.மீ. பெருக்கினால் அடிப்பகுதியில் 3,20,000 நியூட்டன்-மி.மீ. வளைப்பு. 40க்கு 40, 3 மி.மீ. பைப்பின் செக்‌ஷன் மாடுலஸ் சுமார் 5,100 கன மி.மீ. வகுத்தால் 63 மெகாபாஸ்கல் தகைவு. கேட்லாக்கில் 6063-டி6 வளைந்து நிலைக்கிற எல்லை 170 என்று போட்டிருக்கும். '170-ஐ 63-ஆல் வகுத்தால் 2.7 மடங்கு பாதுகாப்பு. ஏறுடா மச்சி!' என்று சொல்லத் தோன்றும்.

சொல்லாதீங்க. அந்த 170, வெல்டிங்குக்கு முன்னால் இருந்த உலோகத்துக்கு. டி6 பலம் எங்கிருந்து வந்தது? மெக்னீஷியமும் சிலிக்கானும் சேர்ந்த நுண்துகள்களை, 175 டிகிரி பக்கத்தில் சில மணி நேரம் வைத்து உலோகத்துக்குள் பதமாக விளைவித்ததில் வந்தது. வெல்டிங் சூடு அந்தத் துகள்களைக் கரைத்தும் பெருக்க வைத்தும் பதத்தைக் கெடுத்துவிடும். வெல்டுக்கு ரெண்டு பக்கமும் சுமார் 25 மி.மீ. தூரத்துக்கு இதன் பாதிப்பு உண்டு என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அமெரிக்க அலுமினிய வடிவமைப்பு விதிப்படி அந்த இடத்தில் 6063-க்கு எல்லை 170 அல்ல, 55! நம்ம தகைவு 63. நண்பன் ஏறினால் கை வளையும். உடையாது, ஆனால் வளைந்தது வளைந்ததுதான். வெல்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை ஒட்டியுள்ள உலோகம் பலம் இழந்திருக்கிறது. ஸ்டீலில் பழகினவங்க சறுக்குவது இங்கேதான்.

தீர்வு என்ன? இன்னும் தடியாக வெல்டு அடிப்பது இல்லை. கூடுதல் சூடு, கூடுதல் பலவீனம். வெல்டை வலி குறைந்த இடத்துக்கு நகர்த்துவதுதான் வழி. கைக்குக் கீழே 150 மி.மீ. நீளத்துக்கு ஒரு முக்கோணத் தகடு கொடுத்தால், தனிக் கையாக நீட்டிக்கொண்டிருக்கிற நீளம் 250 மி.மீ. ஆகிவிடும். தகடு முடிகிற இடத்தில் தகைவு 39-க்கு இறங்கும். 55-க்குள் வந்தாச்சு. ஆனால் மிச்சம் அதிகம் இல்லை. வண்டி குலுங்கும், நண்பன் குதிப்பான். அதனால் 40-க்கு பதில் 60 உயரமுள்ள பைப்பையோ, இன்னும் குட்டையான கையையோ யோசிக்கணும். தூணின் சுவர் உள்ளே அமுங்குவது தனிக் கணக்கு, அதையும் பார்க்கணும்.

உடைத்துப் பாருங்க

நிஜ ஜாயின்ட்டைத் தொடும் முன் ஒரு மாதிரி செய்யுங்க. அதே 3 மி.மீ. துண்டுகள் ரெண்டை 'ட' மாதிரி நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டு அடித்து ஆறவிடுங்க. வைஸில் கவ்வி, வெல்டு உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி சுத்தியலால் மடக்குங்க. உடைந்த முகத்தின் மூலையைப் பாருங்க. அங்கே பழைய பைப் விளிம்பு நேர்க்கோடாக, வெட்டினது வெட்டின மாதிரியே தெரிந்தால், தோல் உரியவில்லை, குட்டை சேரவில்லை. பொத்தல் இருந்தால் துடைத்தது போதவில்லை. முகம் முழுக்க ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகக் கிழிந்திருந்தால், உங்க செட்டிங் சரி. அந்த எண்களை அந்தத் துண்டிலேயே மார்க்கரில் எழுதி வெச்சுட்டு, தூண் பக்கம் போகலாம்.

பட்டறைக்குள் போகும் முன்...

* குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு ஆர்க் அடிக்காதீங்க. ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும். அசிட்டோன் டப்பாவும் மூடியபடி தூரத்தில் இருக்கட்டும்.

* பளபளக்கும் அலுமினியம் புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கும். கழுத்தும் தாடைக்குக் கீழும் மறைகிற மாதிரி முழுக்கைச் சட்டை அவசியம்.

* முடிந்த ஜாயின்ட்டின் மேல் 'சூடு' என்று எழுதி வையுங்க. அதன் முகத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது!